ஆஃபர் லெட்டரைப் படித்துவிட்டு பஸ் ஏறுங்கள்

வணக்கம். நான் ஒரு ஸ்டாஃபிங் ஏஜென்சியில் ஆள் எடுக்கிறேன். ரெஸ்யூமேயில் எழுத்துப்பிழை, இன்டர்வியூவுக்குத் தாமதம் என்றெல்லாம் கல்லூரியிலேயே சொல்லியிருப்பார்கள். நான் சொல்லப்போவது வேலை கிடைத்த பிறகு செய்யும் தவறுகள்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு தம்பி ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளம் இருபதாயிரம் என்று வீட்டில் சொல்லி, அதை நம்பி அறையும் பிடித்துவிட்டார். முதல் மாதம் வங்கியில் விழுந்தது 16,425 ரூபாய். ஏமாற்றிவிட்டீர்களே என்று எங்களுக்கு போன்.

(திரையில் அவருடைய கணக்கு)

லெட்டரில் இருந்த 20,025 சம்பளம் இல்லை, சிடிசி. அதாவது அவருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. அதில் சம்பளம் 18,000தான். அவருடைய அடிப்படைச் சம்பளம் 12,000. அதில் 12 சதவீதம், 1,440 ரூபாய், நிறுவனம் கட்டும் பிஎஃப். 18,000-க்கு 3.25 சதவீதம், 585 ரூபாய், நிறுவனத்தின் இஎஸ்ஐ. சரி, 18,000 ஆவது முழுதாக வருமா? அதுவும் வராது. அவர் பங்குக்கு பிஎஃப் 1,440, இஎஸ்ஐ 135 பிடிப்பார்கள். மீதிதான் கைக்கு வரும். ஆகவே எச்ஆரிடம் "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "பிடித்தம் போக மாதம் கையில் எவ்வளவு வரும்?" என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்படுகிறார்கள். எனக்குத் தெரிந்து யாரும் கோபித்ததில்லை.

அதே லெட்டரின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். எங்களைப் போன்ற ஏஜென்சியின் பெயர் இருந்தால், நீங்கள் வேலை பார்ப்பது அந்தக் கம்பெனியில் என்றாலும் உங்கள் முதலாளி நாங்கள்தான். சம்பளம், பிஎஃப், அனுபவச் சான்றிதழ் எல்லாம் எங்களிடமிருந்தே வரும். ஒப்பந்தம் எத்தனை மாதம் என்பதும் அதில் இருக்கும். அப்புறம், எங்களுக்குப் பணம் தருவது அந்தக் கம்பெனி. உங்களிடம் "ரெஜிஸ்ட்ரேஷன்", "டெபாசிட்" என்று யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அசல் சான்றிதழையும் காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள். நகல் கொடுத்தால் போதும்.

கடைசியாக, நம் ஊருக்கே உரிய இனிஷியல் தொல்லை. மதிப்பெண் பட்டியலில் "எஸ். முருகன்", ஆதாரில் "முருகன் செல்வம்", பாஸ்புக்கில் வெறும் "முருகன்". பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண் ஆதாரை வைத்துத்தான் உருவாகிறது. பெயர் பொருந்தாவிட்டால், வேலையை விட்டபின் அந்தப் பணத்தை எடுக்கப் போகும்போது கோரிக்கை திரும்பி வரும். சேருமுன்பே சரிசெய்துவிடுங்கள். ஆனால் ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள ஸ்பெல்லிங்கை எழுத்து எழுத்தாகப் பார்த்துப் பூர்த்தி செய்யுங்கள்.