இதயத்தை நினைவிலிருந்து வரைய நான்கு தாள்கள்

ரியூசனுக்கு நான் முதன்முதல் தயாரித்த பயிற்சித் தாளில் இதயத்தின் படம் முழுதாக இருந்தது. பெயர்கள் மட்டும் இல்லை. பத்துக் கோடு, பத்து வெற்றிடம். எல்லாரும் சரியாக நிரப்பித் தந்தார்கள். அடுத்த கிழமை வெறும் தாளைக் கொடுத்து வரையச் சொன்னேன். ஒரு பிள்ளை மாங்காய் மாதிரி ஒரு வடிவம் போட்டு, நடுவில் சிலுவை கீறிவிட்டு, "சேர், பெயரெல்லாம் பாடம். எங்க போடுறது எண்டுதான் தெரியேல்லை" என்றாள்.

பிழை என்னுடையது. கோடு எங்கே போய் முட்டுகிறது என்பதே பாதி விடை. அதை நானே கீறிக் கொடுத்திருந்தேன். இப்போது படத்தை நான்கு தாள்களில் கொஞ்சம் கொஞ்சமாக மறைக்கிறேன்.

முதல் தாள்: முழுப்படம்

A4 தாளில் 8 செ.மீ அகலம், 10 செ.மீ உயரத்தில் பென்சிலால் ஒரு பெட்டி போடுங்கள். பெட்டிக்கு மேலே இடது மூலையில் "வலது", வலது மூலையில் "இடது" என்று எழுதிவிடுங்கள். இதயத்துக்குரியவர் நம்மைப் பார்த்து நிற்கிறார் என்று வைத்தே இந்தப் படம் வரையப்படுகிறது. பாதிப் பிழைகள் இதை மறப்பதால்தான் வருகின்றன.

வெளிக்கோட்டில் தொடங்க வேண்டாம். முதலில் பிரிசுவரைக் கீறுங்கள். அது கீழே போகப் போக தாளின் வலப்பக்கம் சாய வேண்டும். பிறகு இரத்தம் போகும் வழியிலேயே பென்சிலும் போகட்டும். மேற்பெருநாளம், கீழ்ப்பெருநாளம், வலது சோணையறை, முக்கூர் வால்வு, வலது இதயவறை, நுரையீரல் நாடி. அங்கே பென்சிலைத் தூக்கி, நுரையீரல் நாளங்களில் வைத்து, இடது சோணையறை, இருகூர் வால்வு, இடது இதயவறை வழியாகத் தொகுதிப் பெருநாடியில் முடியுங்கள். இந்த ஒழுங்கு பிடிபட்டால் ஒவ்வொரு பகுதியும் அடுத்ததைத் தானே இழுத்து வரும்.

வலது இதயவறையின் சுவரை 3 மில்லிமீற்றர், இடது இதயவறையின் சுவரை 9 மில்லிமீற்றர் தடிப்பில் போடுங்கள். வலது அறை பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு மட்டும் அனுப்புகிறது; இடது அறை உடல் முழுக்கத் தள்ளவேண்டும். வால்வின் இதழ்கள் கீழ்நோக்கி, இதயவறைக்குள் தொங்கவேண்டும்.

பெயர்க்கோடுகளை அடிமட்டம் வைத்துக் கீறுங்கள். அம்புக்குறி வேண்டாம். கோட்டின் நுனி பகுதியைத் தொடவேண்டும், ஒன்றையொன்று வெட்டக்கூடாது.

இரண்டாம், மூன்றாம், நான்காம் தாள்கள்

இரண்டாம் தாளில் படம் இருக்கும், பெயரும் இல்லை, கோடும் இல்லை. முதல் தாளை ஃபோட்டோ கொப்பி எடுத்து, கோடுகளை வெள்ளை மையால் மறைத்து மறுபடி கொப்பி எடுத்தால் போதும். மூன்றாம் தாளில் பெட்டியும் பிரிசுவரும் மட்டும். நான்காவதில் "மனித இதயத்தின் நெடுக்குவெட்டுமுகம்" என்ற தலைப்பும் வெறும் பெட்டியும்.

முதல் இரண்டும் ஒரே நாளில் செய்யலாம். மூன்றாவதை இரண்டு நாள் கழித்தும், நான்காவதை ஒரு கிழமை கழித்தும் கொடுங்கள். அன்றே நான்கையும் கொடுத்தால், பிள்ளை சற்றுமுன் பார்த்ததைத்தான் வரையும்.

வரைந்து முடியும்வரை புத்தகம் மூடியிருக்கட்டும். திருத்துவதற்கு நான் விரலையே பாவிக்கிறேன். மேற்பெருநாளத்தில் விரலை வைத்து வழி நெடுகப் போகச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையின் விரல் வலது இதயவறையில் போய் வெளியேற வழியில்லாமல் நின்றது. இரண்டு பெரிய நாடிகளையும் அவள் இடது இதயவறையிலேயே பொருத்தியிருந்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. "ஐயோ, இது வெளியில போகேல்லை" என்று தானே அழிறப்பரை எடுத்தாள். பிழையைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, மூன்றாம் தாளிலிருந்து மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். பிழைத்த துண்டை மட்டும் வரைந்தால் அது எதிலிருந்து வருகிறது என்பது மனதில் நிற்காது.

புவியியலுக்கு

இலங்கைப் படத்தில் பின்தொடர இரத்தம் இல்லை. அங்கே பிடிமானம் அளவுதான். நாட்டின் நீளம் ஏறத்தாழ 432 கிலோமீற்றர், அகலம் 224. ஒரு சென்ரிமீற்றருக்கு 40 கிலோமீற்றர் என்று வைத்தால் 10.8 செ.மீ உயரம், 5.6 செ.மீ அகலத்தில் பெட்டி வரும். மேல்விளிம்பில் பருத்தித்துறை, கீழ்விளிம்பில் தெய்வேந்திரமுனை. மூன்றாம் தாளில் இந்தப் பெட்டியும் இரண்டு புள்ளிகளும் மட்டும் இருக்கட்டும். கரையோரத்தையும் மகாவலியையும் பிள்ளை வரையட்டும். மகாவலி மட்டக்களப்பில் கடலில் விழுந்தால் வட்டமிடுங்கள். அது திருகோணமலைக்குச் சற்றுத் தெற்கே, கொட்டியாரக் குடாவில் விழுகிறது.

எங்கட பிள்ளைகளிடம் இன்னொரு பிழை உண்டு: குடாநாட்டை வவுனியாவரை வளர்த்துவிடுவார்கள். அடிமட்டத்தை வைத்துக் காட்டுங்கள். இந்த அளவில் பருத்தித்துறையிலிருந்து ஆனையிறவு வரை, மேலிருந்து கீழாக, ஒரு சென்ரிமீற்றர்கூட வராது.