“குறைப்பு” என்ற சொல்லில் மூன்று நாள்: சுயமதிப்பீட்டு வரியைச் சரிசெய்த விதம்

ஆண்டுச் சுயமதிப்பீட்டில் “விற்பனை அறிக்கை ஓடும் நேரம் 40 நிமிடத்திலிருந்து 6 நிமிடமாகக் குறைப்பு” என்று எழுதியிருந்தேன். “இதில் உங்கள் வேலை எது?” என்று மேலாளர் திருப்பி அனுப்பினார். “குறைத்தோம்” என்று மாற்றினேன், அதே கேள்வி. “குறைத்தேன்” என்றாலோ எங்கள் அணியின் ஐந்து பேர் உழைப்பும் என் கணக்கில் ஏறிவிடும்.

யார் பங்கு எவ்வளவு என்று அறிய `git shortlog -sn` போட்டுப் பார்த்ததும் வீண். அது கமிட்டுகளை எண்ணும், வேலையை அளக்காது. இருவர் சேர்ந்து எழுதியதும் பெரும்பாலும் ஒருவர் பெயரில்தான் நிற்கும்.

விடை இருந்தது அறிக்கையின் ஓட்டப் பதிவில். ஒவ்வொரு மாற்றமும் ஏறிய தேதிக்கு முன்னும் பின்னும் நேரத்தைப் பார்த்தேன். தரவுத்தளத்தில் நான் சேர்த்த இன்டெக்ஸ் ஏறியதும் 40 நிமிடம் 15 ஆனது. சக ஊழியர் வேலையைத் துண்டுகளாகப் பிரித்து ஓடவிட்டதும் 15 நிமிடம் 6 ஆனது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒரே மாற்றம் பிறகு ஏறுவதைவிட முதலில் ஏறினால் அதன் கணக்கில் நிமிடங்கள் அதிகம் சேரலாம். அதனால் “முக்கால் பங்கு என்னுடையது” என்று எழுதுவது தவறு. எதிலிருந்து எதுவரை என்றே எழுத வேண்டும்.

கடைசி வடிவம்: “ஐந்து பேர் அணி அறிக்கை நேரத்தை 40 நிமிடத்திலிருந்து 6 ஆகக் குறைத்தது. முதல் கட்டத்தில் அதை 15 ஆக்கிய இன்டெக்ஸை நான் சேர்த்தேன். பிரித்து ஓடவிட்டது சக ஊழியர்.” சக ஊழியரிடம் காட்டிவிட்டு மேலாளருக்கு அனுப்பினேன். மறுகேள்வி வரவில்லை.