"பேஷனேட்", "ரிசல்ட்ஸ் டிரிவன்" வேண்டாம்: சீவியின் முதல் நான்கு வரியை எழுதும் முறை

மட்டக்களப்பு டவுனில் ஒரு கம்பனி கணக்கு உதவியாளர் வேலைக்கு விளம்பரம் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையில் இரண்டு வருடம் கணக்கு எழுதிய பிள்ளை ஒருவர் விண்ணப்பிக்கிறார். அவருடைய சீவியின் தொடக்கம் இது:

"ஆர்வமும் அர்ப்பணிப்பும் மிக்க, பெறுபேறுகளை நோக்கிச் செயற்படும், குழுவாக இயங்கக்கூடிய கடின உழைப்பாளி."

இதில் பொய் இல்லை. ஆனால் இதே வரியை ஒரு தாதியும் எழுதலாம், ஒரு ஹோட்டல் முகாமையாளரும் எழுதலாம். ஆலையில் அவர் என்ன செய்தார் என்பதற்கு இதில் ஒரு தடயமும் இல்லை.

படி 1: அடிக்கோடு போடுங்கள்

உங்கள் பந்தியில் உள்ள ஒவ்வொரு புகழ்ச்சொல்லுக்கும் பென்சிலால் கோடு போடுங்கள். "நான் அப்படியில்லை" என்று யாருமே எழுதமாட்டார்கள் என்றால் அது புகழ்ச்சொல். "நான் சோம்பேறி" என்று எவரும் எழுதப்போவதில்லை, ஆகவே "கடின உழைப்பாளி"க்குக் கோடு. "குவிக்புக்ஸ் கணக்கு மென்பொருள் தெரியும்" என்பதற்குக் கோடு வேண்டாம். அது தெரியாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

படி 2: கோடு போட்ட சொல்லிடம் கேள்வி கேளுங்கள்

நேரம் எடுக்கும் படி இதுதான். சொல்லை உடனே அழிக்காமல், "இதை நான் எழுதியபோது மனதில் எந்த வேலை இருந்தது?" என்று கேளுங்கள்.

"கடின உழைப்பாளி" என்றபோது அந்தப் பிள்ளைக்கு நினைவு வந்தது அறுவடைக் காலம். நெல் மூடைகளோடு உழவு இயந்திரங்கள் வரிசையில் நிற்கும். அன்றைக்கே கமக்காரருக்குக் காசு கொடுத்தாக வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை வவுச்சர் எழுதினீர்கள் என்று கேட்டால், 40 முதல் 60 வரை என்பார். அந்த எண்ணிக்கைதான் வேண்டும்.

"பெறுபேறு" என்ற சொல்லிடம், முன்பு எப்படி இருந்தது, பின்பு எப்படி ஆனது என்று கேளுங்கள். முன்பு நிறுவைத் துண்டுகளைக் கொப்பியில் எழுதியதால் மாத இறுதிக் கணக்கை முடிக்க 10 நாள் ஆனது. அவர் அதை எக்செல்லுக்கு மாற்றினார். 4 நாளில் முடிந்தது. என்ன மாற்றினார், அதனால் என்ன குறைந்தது என்ற இரண்டும் சேர்ந்தால்தான் அது பெறுபேறு.

"குழுவாக இயங்குபவர்" என்றதற்கு எதுவும் நினைவு வரவில்லை. அப்படியான சொல்லைத் தயங்காமல் வெட்டிவிடுங்கள்.

எண்ணிக்கையை ஊகிக்காதீர்கள். பழைய வவுச்சர் புத்தகத்தின் தொடர் இலக்கங்களைப் பார்த்தாலே நாளொன்றுக்கு எத்தனை என்று தெரிந்துவிடும். ஆனால் ஆலையின் மொத்த விற்பனை, இலாபம் போன்றவை முதலாளியின் விடயம். அவற்றை எழுதினால் "எங்கள் கணக்கையும் வெளியில் சொல்வார்" என்றுதான் புதிய இடத்தில் நினைப்பார்கள்.

படி 3: நான்கு வாக்கியமாக எழுதுங்கள்

"சம்மாந்துறையில் அரிசி ஆலையொன்றில் இரண்டு வருடங்கள் கணக்கு உதவியாளராகப் பணியாற்றினேன். அறுவடைக் காலத்தில் நாளொன்றுக்கு 40 முதல் 60 வரையான கொடுப்பனவு வவுச்சர்களைத் தயாரித்தேன். நிறுவைப் பதிவுகளை எக்செல்லுக்கு மாற்றியதால், 10 நாட்கள் எடுத்த மாத இறுதிக் கணக்கு 4 நாட்களில் முடிந்தது. 18 ஊழியர்களின் சேமலாப நிதிப் பங்களிப்பை மாதாந்தம் கணித்தேன்."

சீவியை ஆங்கிலத்தில் கொடுப்பதானாலும் முதலில் இப்படித் தமிழில் எழுதிப் பாருங்கள். நேரே ஆங்கிலத்தில் தொடங்கினால் இணையத்தில் பார்த்த மாதிரிச் சீவியின் வரிகள்தான் கைக்கு வரும்.

வேலை அனுபவமே இல்லாதவர்கள், பயிற்சிக்காகப் பிரதேச செயலகத்தில் இருந்த காலத்தையோ பல்கலைக்கழக ஆய்வையோ இதே கேள்விகளால் கிண்டலாம்.

படி 4: நேர்முகத் தேர்வு வைத்துப் பாருங்கள்

அண்ணாவிடமோ அக்காவிடமோ தாளைக் கொடுத்து ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். "அந்த எக்செல் தாளில் என்னென்ன நிரல் இருந்தது?" என்றால், "திகதி, பெயர், மூடை, நிறை, ஈரப்பதனுக்கான கழிவு" என்று உடனே வர வேண்டும். சேமலாப நிதி பற்றிக் கேட்டால், ஊழியரிடம் 8 சதவீதம், தொழில்தருநரிடம் 12 சதவீதம் என்று சொல்லத் தெரிய வேண்டும். தடுமாறினால் அந்த வேலை வேறொருவர் செய்ததாக இருக்கும். "உதவினேன்" என்று மாற்றுங்கள்.

படி 5: விளம்பரத்தோடு ஒப்பிடுங்கள்

கம்பனி சம்பளக் கணக்கு தெரிந்தவரைத் தேடினால், சேமலாப நிதி பற்றிய வாக்கியம் இரண்டாவதாக மேலே வரட்டும். அடுத்த மாதம் ஒரு நெல் கொள்வனவு நிலையத்துக்கு விண்ணப்பிப்பதானால் வவுச்சர் வாக்கியத்தைத் திரும்ப மேலே ஏற்றுங்கள்.