தினமும் மெஸ்ஸில் சாப்பிட்டே தொப்பையைக் குறைப்பது எப்படி: இலையில் சாதத்தைப் பிரிப்பதிலிருந்து ராத்திரி கல் தோசை வரை

சென்னையில் அறை எடுத்துத் தங்கி, காலையில் டிபன் கடை, மதியம் மெஸ், சாயங்காலம் தள்ளுவண்டி, ராத்திரி மறுபடி ஏதாவது ஒரு கடை என்று ஓடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "வீட்டுச் சாப்பாடு சாப்பிடுங்க" என்கிற அறிவுரையால் நமக்குப் பிரயோசனம் இல்லை, அடுப்பே இல்லாத அறையில் என்ன சமைப்பது? அதே கடைகளில் அதே விலையில் சாப்பிட்டுக்கொண்டு இடுப்பளவைக் குறைக்க முடியும், நான் குறைத்திருக்கிறேன். எந்த இடத்தில் எவ்வளவு உள்ளே போகிறது என்று தெரிந்தால் போதும்.

கலோரி என்றால் என்ன, செலவாவதைவிடக் குறைவாகச் சாப்பிட்டால்தான் கொழுப்பு கரையும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு நேராக வேலைக்குப் போகிறேன்.

படி 1: உங்கள் மெஸ் சாப்பாட்டை ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள்

சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள், கிராமில் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு. கலோரி கணக்குப் போடும் செயலிகளைவிட இது ஆயிரம் மடங்கு மேல் என்பது என் கருத்து. செயலியில் "ஒரு கப் சாதம்" என்று போட்டால் ஏதோ ஓர் எண் வரும், ஆனால் உங்கள் மெஸ்காரர் போடும் கரண்டிக்கும் அந்தக் கப்புக்கும் சம்பந்தமே கிடையாது.

ஒருநாள் மட்டும் சாப்பாட்டைப் பார்சல் வாங்கி வந்து சாதத்தைத் தனியாக நிறுங்கள். துரைப்பாக்கத்தில் நான் சாப்பிடும் மெஸ்ஸின் பார்சலில் சாதம் மட்டும் 520 கிராம் இருந்தது. வெந்த வெள்ளைச் சாதம் 100 கிராமுக்கு ஏறக்குறைய 130 கலோரி. அதாவது குழம்பு, பொரியல், அப்பளம் எதுவும் சேர்க்காமலே 675 கலோரி. அதில் பாதியை ஒரு தட்டில் போட்டு, அந்தக் குவியல் எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்று கண்ணில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் இனிமேல் உங்கள் மதிய அளவு. தராசை மெஸ்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை, கண் பழகிவிடும்.

படி 2: இலையில் நடப்பதைக் கவனியுங்கள்

எடை நகராமல் நிற்கிறவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான், நானும் இங்கேதான் மாட்டினேன், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

நம் சாப்பாட்டின் வரிசையே இரண்டாவது சாதம் வாங்க வைக்கிறது. முதலில் சாம்பார். போட்ட சாதம் முழுவதும் சாம்பாரிலேயே முடிந்துவிடும். அடுத்து காரக்குழம்பு வாளி வந்து நிற்கும், சாதம் இருக்காது, கொஞ்சம் வாங்குவோம். ரசத்துக்கு இன்னும் கொஞ்சம், மோருக்கு இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு தடவையும் "கொஞ்சம்"தான், ஆனால் எழுந்து கை கழுவும்போது 700 கிராம் சாதம் உள்ளே போயிருக்கும், பசிக்காகவும் இல்லை, ருசிக்காகவும் இல்லை, குழம்புக்குத் துணை வேண்டுமே என்பதற்காக.

நான் செய்வது இது. இலை போட்டு கூட்டு, பொரியல் வைத்ததும், சாதம் வருவதற்குள் அவற்றைச் சாப்பிடத் தொடங்கிவிடுவேன். கூட்டோ கீரையோ இருந்தால் அப்போதே இன்னொரு கரண்டி கேட்டுவிடுவேன், பெரும்பாலான மெஸ்களில் அதற்குத் தனிக் காசு கிடையாது. உருளைக்கிழங்கு வறுவல் என்றால் ஒரு தடவையோடு சரி, அது எண்ணெயில் புரண்டு வருவது. அப்புறம் சாதம் வரும்போது, படி 1-இல் பார்த்த குவியல் அளவு வந்ததும் கையை இலைமேல் நீட்டி நிறுத்துங்கள். "போதும்" என்று வாயால் மட்டும் சொன்னால் இன்னொரு கரண்டி விழுந்த பிறகுதான் அவர் காதுக்குப் போகும்.

அந்தச் சாதத்தை உடனே இரண்டாகப் பிரியுங்கள். பெரிய பங்கு சாம்பாருக்கு, சின்னப் பங்கு மோருக்கோ தயிருக்கோ. ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்துவிடுங்கள். ரசத்துக்குச் சாதம் வேண்டாம் என்று முடிவெடுத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். காரக்குழம்பை நான் விட்டுவிட்டேன், பிடித்தவர்கள் சாம்பார் சாதத்தின் ஓரத்தில் ஒரு ஸ்பூன் அளவு தொட்டுக்கொள்ளுங்கள்.

சாம்பார் ஊற்றும்போது, "அண்ணா, அடியிலேர்ந்து கலக்கி ஊத்துங்க" என்று கேளுங்கள். பருப்பு வாளியின் அடியில் தங்கும், எண்ணெய் மேலே மிதக்கும். மேலாக மொண்டு ஊற்றினால் தாளித்த எண்ணெயும் புளித் தண்ணீரும்தான் நமக்குக் கிடைக்கும். ராத்திரிக் கடை சால்னாவுக்கும் இதே கதைதான், மேலே சிவப்பாக மிதக்கிற ஏடு முழுக்க எண்ணெய், அதை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து கேளுங்கள்.

படி 3: புரதத்தை வெளியிலிருந்து சேருங்கள்

மெஸ் சாப்பாட்டின் குறை புரதம். அந்த சாம்பாரில் இருக்கிற பருப்பு போதாது, அதனால்தான் மூன்று மணிக்கே பசித்து பஜ்ஜிக் கடைக்குக் கால் போகிறது. அவித்த முட்டை இரண்டு, ஏறக்குறைய 150 கலோரி, 12 கிராம் புரதம், மதியத்துக்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. மெஸ்ஸில் அவித்த முட்டை இல்லையென்றால் பக்கத்துப் பிரியாணிக் கடையில் தனியாகக் கொடுப்பார்கள். மீன் சாப்பிடுகிறவர்கள் வறுத்த மீனுக்குப் பதில் குழம்பு மீன் துண்டைக் கேளுங்கள், மீன் அதேதான், மாவும் பொரித்த எண்ணெயும் இல்லாமல் வரும்.

படி 4: சாயங்காலத் தள்ளுவண்டி

எண்ணெய்ச் சட்டி இருக்கிற வண்டியைத் தாண்டி, சுண்டல் வண்டிக்குப் போங்கள். கொண்டைக்கடலையோ பட்டாணியோ, அவித்துத் தாளித்து, தேங்காய் மாங்காய் போட்டுத் தருவது நல்ல தேர்வு, வயிறும் நிற்கும். ஆனால் மசாலா சுண்டல் என்று கேட்டால் மேலே பூரியை நொறுக்கிப் போட்டு, ஓமப்பொடி தூவித் தருவார்கள், அது வேறு பண்டம். "பூரி போடாம, வெங்காயம் தக்காளி அதிகமா" என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

கம்பங்கூழ், கேழ்வரகுக் கூழ் வண்டியும் எனக்குப் பிடிக்கும், வெயில் நாளில் பதினொரு மணிப் பசிக்கு அதுதான். கூழில் கொழுப்பு குறைவு. கூடவே வைக்கிற மோர் மிளகாய், வத்தல் எல்லாம் பொரித்தவை, அதற்குப் பதில் சின்ன வெங்காயமும் மாங்காயும் கடித்துக்கொள்ளுங்கள்.

டீயில் சர்க்கரையை நிறுத்துங்கள். ஒரு நாளைக்கு நாலு டீ என்றால் இரண்டு ஸ்பூன் வீதம் எட்டு ஸ்பூன் சர்க்கரை, 130 கலோரிக்கும் மேல். "சர்க்கரை கம்மி" என்று சொன்னால் மாஸ்டர் கை பழக்கத்தில் போட்டுவிடுவார், "சர்க்கரை இல்லாம, ஸ்ட்ராங்கா" என்று சொல்லுங்கள்.

படி 5: ராத்திரி

பரோட்டா மாவிலேயே எண்ணெய் சேர்ப்பார்கள், உருண்டையை எண்ணெயில் ஊறவைப்பார்கள், கல்லிலும் எண்ணெய் விடுவார்கள். அதனால் "எண்ணெய் இல்லாம ஒரு பரோட்டா" என்று கேட்பதில் அர்த்தம் இல்லை. மூன்று பரோட்டாவும் சால்னாவும் சுலபமாக 900 கலோரியைத் தாண்டும். வாரத்தில் ஒருநாள் ஆசைக்குச் சாப்பிடுங்கள், அன்றைக்கு இரண்டோடு நிறுத்திவிட்டு கூட முட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

மற்ற நாட்களில் கல் தோசை. ரோஸ்ட் முறுகலாக வரவேண்டுமென்றால் எண்ணெய் விட்டே ஆகவேண்டும், கல் தோசைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. "எண்ணெய் விடாம கல் தோசை ரெண்டு" என்று மாஸ்டரிடமே நேராகச் சொல்லுங்கள், பரிமாறுகிறவரிடம் சொன்னால் பாதி நாள் உள்ளே போய்ச் சேராது. தேங்காய்ச் சட்னியை ஒரு கரண்டிக்கு மேல் வாங்காதீர்கள், தேங்காயே கொழுப்புதான், சாம்பாரைத் தாராளமாக வாங்குங்கள்.

ஒரு முழு நாள்

காலையில் மூன்று இட்லி, இரண்டு கரண்டி சாம்பார், தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் சட்னி: 330 கலோரி அளவு. அதே கடையில் பொங்கல் வடை என்றால் 500-ஐத் தாண்டும், பொங்கலில் நெய் எவ்வளவு விட்டார்கள் என்று நமக்குத் தெரியவும் தெரியாது. மதியம் மேலே சொன்னபடி 260 கிராம் சாதம், சாம்பார், இரண்டு கரண்டி கூட்டு, மோர், இரண்டு முட்டை: 750. சாயங்காலம் சர்க்கரையில்லாத டீ, ஒரு பொட்டலம் சுண்டல்: 300. ராத்திரி இரண்டு கல் தோசை, சாம்பார், ஒரு முட்டை ஆம்லெட்: 500. மொத்தம் 1900-க்குப் பக்கத்தில் வரும். உட்கார்ந்து வேலை பார்க்கிற 80 கிலோ ஆணுக்கு இது மெதுவாகக் குறைக்கிற அளவு. உயரமும் எடையும் குறைவான பெண்களுக்கு இது அதிகம், காலையில் ஓர் இட்லியும் ராத்திரி ஒரு தோசையும் குறைத்துப் பாருங்கள்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

எடை மெஷினைவிடத் தையல் டேப்பை நம்புங்கள். கடைச் சாப்பாட்டில் உப்பு அதிகம், உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும், பிரியாணி சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ கூடிக் காட்டினால் அது கொழுப்பு இல்லை. வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில், தொப்புள் மட்டத்தில் டேப்பைச் சுற்றி அளந்து எழுதி வையுங்கள். மூன்று வாரமாக டேப்பும் நகரவில்லை, எடையும் நகரவில்லை என்றால் சாதக் குவியல் மெல்ல வளர்ந்திருக்கும், மறுபடி ஒரு பார்சல் வாங்கி நிறுத்துப் பாருங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தன.

ஆபீஸ் கேண்டீனில் தட்டில் அளந்து வைத்த சாப்பாடுதான், லெமன் சாதம், புளி சாதம் என்று கலந்தே வருகிறது, என்ன செய்வது? கலந்த சாதத்தில் எண்ணெயைப் பிரித்தெடுக்க முடியாது. தட்டு வந்தவுடன் மூன்றில் ஒரு பங்கை ஓரமாக ஒதுக்கிவிட்டு, அந்த இடத்துக்குத் தயிரும் முட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். முட்டை சாப்பிடாதவர்கள் தயிரோடு சுண்டல் வாங்குங்கள், சில கேண்டீன்களில் மதியமே கிடைக்கிறது.

இன்னொன்று, சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் கேட்டது. நீங்கள் சாதத்தைத் திடீரென்று பாதியாகக் குறைக்காதீர்கள். மருந்தின் அளவு நீங்கள் வழக்கமாகச் சாப்பிடுவதை வைத்துக் கொடுக்கப்பட்டிருக்கும், சாப்பாடு மட்டும் குறைந்தால் சர்க்கரை சட்டென இறங்கி வியர்வை, நடுக்கம், தலைசுற்றல் வரலாம். முதலில் டாக்டரிடம் "மதியச் சாதத்தைப் பாதியாக்கப் போகிறேன்" என்று சொல்லி, மருந்தை மாற்றவேண்டுமா என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். டீயில் சர்க்கரையை நிறுத்துவது, சுண்டலுக்கு மாறுவது போன்ற மற்ற மாற்றங்களையும் அதே நேரத்தில் அவரிடம் சொல்லிவிடுங்கள்.