ஒரு லிட்டர் பால், முக்கால் கிலோ தயிர்: கணக்கு எங்கே உதைக்கிறது?

எங்கள் மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் போன வாரம் ஒரு கிண்ணத்தோடு வந்தாள். "அக்கா, வீட்டுல தோய்ச்சா மிச்சம்னாங்க. எனக்குக் கடையில வாங்குறதே சல்லிசா வருது" என்றாள். கிண்ணத்தில் இருந்த தயிர் அல்வா மாதிரி நின்றது. பார்த்ததுமே என்ன செய்திருப்பாள் என்று தெரிந்துவிட்டது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் நானும் அதையேதான் செய்தேன்.

சூடான பாலில் உறை ஊற்றுவது, தோயும் பாத்திரத்தை ஆட்டிக்கொண்டே இருப்பது இதெல்லாம் இரண்டு நாளில் தானாகப் புரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். பணம் போகும் இடங்களை மட்டும் சொல்கிறேன். விலை எல்லாம் எங்கள் தெருக் கடையில் நான் கொடுத்தது. உங்கள் ஊரில் கொஞ்சம் மாறும்.

லிட்டரையும் கிலோவையும் நேராக ஒப்பிடுவது

பாலை லிட்டரில் வாங்குகிறோம், தயிரைக் கிராமில் வாங்குகிறோம். ஒரு லிட்டர் பால் சுமார் 1030 கிராம் எடை. காய்ச்சும்போது ஆவியாவது, பாத்திரத்தில் ஒட்டுவது எல்லாம் போக எனக்கு 960 கிராம் தயிர் கிடைக்கிறது. காலிப் பாத்திரத்தை முதலில் எடைபோட்டு வைத்துக்கொண்டால் உங்கள் வீட்டு அளவும் தெரிந்துவிடும். 3 சதவீதக் கொழுப்புப் பால் லிட்டர் 40 ரூபாய், கேஸுக்கு 2 ரூபாய் வைத்தால் தயிர் கிலோ 44 ரூபாய்க்குள் அடங்குகிறது. கடையில் அரைக் கிலோ பாக்கெட் 36, அதாவது கிலோ 72. நூறு கிராம் கப் 12 ரூபாய் என்றால் கிலோ 120. கப்போடு ஒப்பிட்டுச் சந்தோஷப்படாதீர்கள். வீட்டுத் தயிருக்கு ஜோடி அந்த அரைக் கிலோ பாக்கெட்தான்.

கெட்டித் தயிருக்காகப் பாலைச் சுண்டவைப்பது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும்.

மாடி வீட்டுப் பெண் 6 சதவீதக் கொழுப்புப் பால் வாங்கியிருக்கிறாள், லிட்டர் 60 ரூபாய். கடைத் தயிர் மாதிரி வெட்டினால் வெட்டுப்பட வேண்டுமே என்று முக்கால் மணி நேரம் திறந்து வைத்துக் காய்ச்சியிருக்கிறாள். கிடைத்த தயிரை என் தராசில் வைத்தோம்: 720 கிராம். பாலும் கேஸும் சேர்த்து 63 ரூபாய். கிலோவுக்குக் கணக்குப் போட்டால் 87 ரூபாய் 50 காசு. கடையைவிடப் பதினைந்து ரூபாய் அதிகம். 40 ரூபாய்ப் பாலையே இப்படிச் சுண்டவைத்திருந்தாலும் கிலோ 60 ஆகியிருக்கும். மிச்சம் பாதிக்கு மேல் கரைந்துபோகும்.

சரி, இந்தத் தயிரை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். "மோர்தான் அக்கா, அவருக்கு மத்தியானம் மோர் வேணும்" என்றாள். முந்நூறு கிராம் தண்ணீரைக் காசு கொடுத்து ஆவியாக்கிவிட்டு, மத்தியானம் குழாயைத் திறந்து அதே தண்ணீரை ஊற்றுகிறாள். சிரிக்கக்கூட முடியவில்லை, ஏனென்றால் நான் இதை இரண்டு வருடம் செய்திருக்கிறேன். அதற்கு மேல் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, இறங்கிய தெளிவைத் தொட்டியில் ஊற்றிய காலமும் உண்டு.

பாலைச் சுண்டவைத்தால் தயிர் கெட்டியாவது உண்மைதான். ஆனால் தினப்படித் தயிருக்கு அது தேவையில்லை. பாலில் கேசீன் என்ற புரதம் தயிராகத் தோய்கிறது. அதோடு தெளிநீரில் கரைந்திருக்கும் மோர்ப்புரதமும் இருக்கிறது. பாலை 85, 90 டிகிரிச் சூட்டில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் இந்த மோர்ப்புரதம் குலைந்து கேசீனில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய பால் தோயும்போது தண்ணீரை விடாமல் பிடித்துவைக்கும். பாக்கெட் பாலை ஆலையில் 72 டிகிரியில் பதினைந்து விநாடிதான் சூடாக்குகிறார்கள். கிருமிக்கு அது போதும், கெட்டித் தயிருக்குப் போதாது. அதனால்தான் "ஏற்கெனவே காய்ச்சின பால்தானே" என்று வெதுவெதுப்பாக்கி மட்டும் தோய்க்கிறவர்களுக்குத் தயிர் தளதளவென்று நின்று, ஒரு கரண்டி எடுத்ததும் பள்ளத்தில் தண்ணீர் தேங்குகிறது.

நான் இப்போது செய்வது இவ்வளவுதான். பால் பொங்கியதும் அடுப்பைச் சிம்மில் வைத்து, கரண்டியால் கிளறிக்கொண்டே பத்து நிமிடம். அப்புறம் மூடி வைத்து, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் உறை. சித்திரை வெயிலில் லிட்டருக்கு ஒரு டீஸ்பூன், மார்கழியில் இரண்டு. கோடையில் ஐந்தாறு மணி நேரத்தில் தோய்ந்துவிடும். உடனே ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும். கரண்டி போட்ட இடம் சுவர் மாதிரி நின்று, பத்து நிமிடம் கழித்தும் பள்ளம் காய்ந்தே இருந்தால் சூடு சரியாக ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

விருந்தாளி வருகிறார், கடைக் கெட்டி வேண்டும் என்றால் இரண்டு டேபிள்ஸ்பூன் பால் பவுடரைக் கொஞ்சம் ஆறிய பாலில் கட்டியில்லாமல் கரைத்துக் காய்ச்சுங்கள். பல கம்பெனித் தயிரிலும் இந்தப் பவுடர் வேலைதான் நடக்கிறது. எனக்கு 9 ரூபாய் கூடுகிறது, தயிர் கிலோ 52 ஆகிறது. அப்போதும் கடைக்குக் கீழேதான்.

தினமும் உறைக்குக் கப் வாங்குவது

முதல் நாள் மட்டும் வாங்குங்கள். மறுநாள் தயிர் தோய்ந்ததும், சாப்பாட்டுக்குக் கரண்டி போடும் முன்னே ஒரு கரண்டி எடுத்துத் தனியாக வையுங்கள்.

மோரின் கணக்கைத் தயிரோடு நிறுத்திவிடுவது

தயிரில் கிலோவுக்கு மிச்சம் 28 ரூபாய். மாதம் பத்துக் கிலோ தோய்க்கிற வீட்டில் 280 ரூபாய். இரண்டு தடவை தயிர் புளித்து வீணானால் அதில் 84 போய்விடும். பெரிய மிச்சம் இருப்பது மோரில், ஆனால் ஒருவரும் அந்தப் பக்கம் கணக்குப் போடுவதில்லை.

ஒரு பங்கு தயிருக்கு இரண்டு பங்கு தண்ணீர் என்று கடைந்தால் 960 கிராம் தயிர் சுமார் 2.9 லிட்டர் மோர் ஆகும். லிட்டர் 15 ரூபாய்க்குள். இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் சேர்த்தாலும் 17. கடையில் 200 மில்லி பாக்கெட் 10 ரூபாய், அதாவது லிட்டர் 50. அதில் பெரும்பகுதி தண்ணீர்தான், நாம் ஊற்றுவதைப் போலவே.

வீட்டில் தோய்க்க நேரமில்லை என்பவர்களுக்கும் இதில் வழி உண்டு. கடையில் கிலோ 72 ரூபாய்த் தயிரை வாங்கிக் கடைந்தாலே மோர் லிட்டர் 25க்குள் வந்துவிடும். தயிரைக் கடையில் வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மோரைப் பாக்கெட்டில் வாங்கும் வீட்டைப் பார்த்தால்தான் கை பரபரக்கிறது.

மோருக்குக் கொழுப்புப் பால்

வேண்டாம். 3 சதவீதமே போதும்.

மொத்தத் தயிரையும் காலையிலேயே கரைத்து வைப்பது

வேண்டியபோது வேண்டிய அளவு கடையுங்கள். கரைத்து வைத்த மோர் சாயங்காலத்துக்குள் அடியில் திப்பியும் மேலே தண்ணீருமாகப் பிரிந்து நிற்கும். கெட்டுப்போகவில்லை, ஆனால் வீட்டில் யாரும் குடிக்க மாட்டார்கள், சிங்க்கில்தான் போகும்.

புளித்ததைக் கொட்டுவது

மோர்க்குழம்பு.

மாடி வீட்டுப் பெண் நேற்று மறுபடி கிண்ணத்தோடு வந்தாள். 40 ரூபாய்ப் பால், பத்து நிமிடச் சிம். தராசில் 945 கிராம். பள்ளத்தில் லேசாக ஈரம் இருந்தது; எட்டாவது நிமிடத்திலேயே அடுப்பை அணைத்துவிட்டாளாம், ஃபோன் வந்ததாம்.