அம்மா நிலத்தை எழுதித் தரும் முன்: செட்டில்மென்ட் நிபந்தனைகளை அவருக்குப் புரிய வைப்பது எப்படி

பெற்றவர் பிள்ளைக்கு நிலம் எழுதித் தருவதைத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் 'தான செட்டில்மென்ட்' என்ற பெயரில் பதிவு செய்கிறோம். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கு உச்சவரம்பும் உண்டு. செலவு குறைவு, வேலை சீக்கிரம் முடியும் என்று எல்லோரும் பத்திர எழுத்தரிடம் ஓடுகிறார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கையெழுத்துப் போடுகிற அம்மாவுக்கு யாரும் வாசித்துக் காட்டுவதில்லை.

ஒரு கற்பனை உதாரணத்தோடு போவோம். அம்மாவுக்கு 71 வயது. 1 ஏக்கர் 30 சென்ட் புஞ்சையும் அதில் ஒரு மோட்டார் கிணறும் அவர் சொந்தப் பணத்தில் வாங்கியவை. சென்னையில் இருக்கும் இளைய மகனுக்கு எழுதித் தர நினைக்கிறார். மகள் பக்கத்து ஊரில் இருக்கிறாள். நிலம் பூர்வீகச் சொத்தாக இருந்தால் முதலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பார்க்க வேண்டும். அது தனிக் கதை.

படி 1: வரைவை முன்கூட்டியே வாங்குங்கள்

பதிவு நாளன்று காலையில் சார்பதிவாளர் அலுவலக வாசலில் வைத்து வாசித்தால் யாருக்கும் ஒன்றும் ஏறாது. நாலைந்து நாள் முன்னதாகவே வரைவை வாங்கி வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

வாசித்துக் காட்டுவது யார் என்பதும் முக்கியம். நிலம் வாங்கப்போகிற மகனே விளக்கினால், பின்னாளில் 'அவன்தான் சொல்லிச் சொல்லி எழுத வைத்தான்' என்று பேச்சு வரும். வழக்கிலும் அது அவனுக்கே எதிராகத் திரும்பலாம். எங்கள் உதாரணத்தில் மகள் வாசிக்கலாம். இல்லையென்றால் அம்மாவே தேர்ந்தெடுத்த ஒரு வக்கீல். மகன் அப்போது வெளியே போய் டீ குடித்துவிட்டு வரட்டும்.

படி 2: இந்த இரண்டு வரிகளைத் தேடுங்கள்

வழக்கமான வரைவில் இப்படி இருக்கும்:

> உன் பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும் இன்று முதல் நீயே சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. இந்தச் செட்டில்மென்டை எக்காலத்திலும் எக்காரணம் கொண்டும் ரத்து செய்ய எனக்கு அதிகாரம் கிடையாது.

இதை அம்மாவிடம் பேச்சுத் தமிழில் சொல்லுங்கள்: "அம்மா, கையெழுத்துப் போட்டு பதிவு முடிஞ்சதும் நிலம் தம்பியோடது. அவன் அடுத்த மாசமே விக்கலாம், பேங்க்ல அடமானம் வைக்கலாம். உங்களைக் கேக்க வேண்டியதில்லை. அவன் பாத்துக்கலைன்னாலும் நீங்க தனியா போய் ரத்து பண்ண முடியாது."

கடைசி வாக்கியத்தைத்தான் பெரும்பாலான பெரியவர்கள் நம்ப மறுப்பார்கள். "நான் கொடுத்தது, நான் வாங்கிக்கிறேன்" என்பார்கள். உயிலோடு குழப்பிக்கொள்வதால் வருவது இது. உயிலை உயிரோடு இருக்கும் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்ட் அன்றைக்கே கைமாறிவிடுகிறது. தானம் கொடுத்தவர் மட்டும் போய் ரத்துப் பத்திரம் பதிவு செய்வதைப் பொதுவாகச் சட்டம் ஏற்பதில்லை. இதைக் கேட்டதும் அம்மா "அப்போ உயிலே போதும்" என்றால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது நல்ல முடிவாகக்கூட இருக்கலாம்.

படி 3: எந்த நிபந்தனை நிற்கும், எது நிற்காது

சரி, கொடுப்பது என்றே முடிவு. அப்படியானால் அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் மூன்று பதில் வரும்.

"நான் நினைச்சா திருப்பி வாங்கிக்கணும்." இதை எழுதக்கூடாது. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 126ஆம் பிரிவுப்படி, கொடுத்தவர் வெறுமனே விரும்பினாலே ரத்தாகும் என்று எழுதிய தானம் செல்லாது. பாதுகாப்பு என்று நினைத்துச் சேர்த்த வரியே மொத்தப் பத்திரத்தையும் கவிழ்த்துவிடும். அதே பிரிவு இன்னொரு வழியைத் திறந்தும் வைத்திருக்கிறது: கொடுத்தவரின் விருப்பத்தைச் சாராத ஒரு குறிப்பிட்ட சம்பவம் நடந்தால் தானம் ரத்தாகும் என்று இருவரும் ஒப்புக்கொள்ளலாம்.

"அவன் விக்கவே கூடாது." முழுத் தடையும் நிற்காது. இதற்குப் பதில், அம்மாவின் ஆயுள் உள்ளவரை நிலத்தை அனுபவிக்கும் உரிமையை அவரே வைத்துக்கொள்ளலாம். விளைச்சலும் கிணறும் அவர் கையில் இருக்கும். மகனுக்கு முழு அனுபவம் அவருக்குப் பிறகு. இப்படி அனுபவ உரிமையை வைத்துக்கொண்டு கொடுத்தாலும் தானம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொல்லியிருக்கிறது. விற்பனையை இது தடுக்காது, ஆனால் அம்மா உயிரோடு இருக்கும்போது அந்த நிலத்தை வாங்க ஆள் வருவது அபூர்வம்.

"என்னைக் கடைசி வரைக்கும் பாத்துக்கணும்." இதை அவசியம் எழுத வேண்டும். 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு 60 வயது நிறைந்தவர்களுக்கு ஒரு வழி தருகிறது: பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, வாங்கியவர் பராமரிக்கத் தவறினால், அந்தப் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். பத்திரத்தில் நிபந்தனை இல்லாவிட்டால்? அந்த நிபந்தனை இருந்ததாக நிரூபிக்க வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025இல் வந்த தீர்ப்புகள் பெரியவர்கள் பக்கம் கொஞ்சம் தாராளமாகவே இருக்கின்றன. ஆனாலும் ஒரு வரியில் எழுத முடிகிற விஷயத்தைத் தீர்ப்புகளை நம்பி விட்டுவைப்பது புத்திசாலித்தனமில்லை.

படி 4: வரியை மாற்றி எழுதச் சொல்லுங்கள்

எங்கள் உதாரணத்துக்கு இப்படி:

> என் ஆயுள் உள்ளவரை எனக்கு உணவு, உடை, இருப்பிடம், மருத்துவச் செலவு ஆகியவற்றைக் கொடுத்துப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டே இச்சொத்தை உனக்குக் கொடுக்கிறேன். மாதம் ரூ.6,000 என் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். தொடர்ந்து 3 மாதம் செலுத்தத் தவறினாலோ, மேற்படி பராமரிப்பைச் செய்ய மறுத்தாலோ இந்தச் செட்டில்மென்ட் ரத்தாகத்தக்கது என்று இருவரும் ஒப்புக்கொள்கிறோம். என் ஆயுள் வரை நிலத்தையும் கிணற்றையும் நானே அனுபவித்து வருவேன்.

தொகை, கால அளவு, வங்கிக் கணக்கு எல்லாம் ஏன் என்று எழுத்தர் முகம் சுளிக்கலாம். 'நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று எழுதினால், அவன் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன் என்பான். பாஸ்புக்கில் 3 மாதம் வரவு இல்லை என்றால் வாதாட ஒன்றுமில்லை.

'ரத்து செய்ய அதிகாரம் கிடையாது' என்ற பழைய வரியை அடிக்க மறக்காதீர்கள். மேலே நிபந்தனையும் கீழே அந்த வரியும் ஒரே பத்திரத்தில் நிற்பதை அடிக்கடி பார்க்கலாம். கணினியில் பழைய வரைவை எடுத்து ஒட்டுவதால் வருகிற வினை. மகனும் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், ஏனென்றால் இது இருவரின் ஒப்புதல்.

நிபந்தனையைத் தனித்தாளில் எழுதி பீரோவில் வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். விஷயம் தெரியாமல் விலை கொடுத்து வாங்கிய மூன்றாம் ஆளின் உரிமையை 126ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. பதிவான பத்திரத்திலேயே நிபந்தனை இருந்தால் 'எனக்குத் தெரியாது' என்று அவர் சொல்வது கடினம்.

படி 5: அம்மாவே திருப்பிச் சொல்லட்டும்

"புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டால் எல்லோரும் "புரிஞ்சுது" என்றுதான் சொல்வார்கள். இப்படிக் கேளுங்கள்: "பதிவு ஆன பிறகு நெல்லு யாருக்கு? பணம் வரலைன்னா நீங்க எங்க போவீங்க?" பதில் தடுமாறினால் பதிவை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். சாட்சிகள் இரண்டு பேர் வேண்டும். அவர்களில் ஒருவராவது இந்தப் பேச்சை நேரில் கேட்டவராக இருந்தால் நல்லது.

இரண்டாவது கேள்விக்கான பதிலை அம்மாவின் பையிலேயே எழுதி வையுங்கள்: மனு கொடுக்க வேண்டிய இடம் வருவாய் கோட்டாட்சியர் அலுவலகம். அங்குதான் பராமரிப்புத் தீர்ப்பாயம். பத்திரத்தின் நகல், வயதுக்கான சான்று, பாஸ்புக் மூன்றையும் எடுத்துப் போனால் மனு எழுதலாம். அங்கே கிடைக்கும் உத்தரவு திருப்தி இல்லையென்றால் மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம்.