சீரியல் லைட் ஆர்டர்: கடிதத்தில் மாற்றிய ஒரு வரி

கிருஷ்ணகிரியில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு 300 சீரியல் லைட் செட் வாங்கியதில் 22 எரியவில்லை. பில் தேதியிலிருந்து 7 நாள் தாண்டிவிட்டது என்று சப்ளையர் திருப்பி எடுக்க மறுத்தார். நாலு நாள் போனில் பேசினேன், வீடியோ அனுப்பினேன்; பயனில்லை.

அப்புறம்தான் என் ஆர்டர் கடிதத்தையே எடுத்துப் படித்தேன். "10ஆம் தேதிக்குள் அனுப்பவும்" என்று எழுதியிருந்தேன். அவர் 10ஆம் தேதி லாரி ஆபீஸில் போட்டுவிட்டார். கடைக்கு வந்தது 18ஆம் தேதி. திருப்பும் கெடு வழியிலேயே முடிந்துவிட்டது!

கார்த்திகை தீபத்துக்கு இப்படி எழுதினேன்: "சரக்கு 10ஆம் தேதிக்குள் என் கடைக்கு வந்து சேர வேண்டும். கடையில் இறக்கிய நாளிலிருந்து 10 நாளுக்குள் எரியாத செட்டைத் திருப்புவேன். திருப்பும் லாரி வாடகை உங்களுடையது." கையெழுத்திட்ட நகல் வந்தபிறகே முன்பணம் அனுப்பினேன். டெலிவரி ரசீதில் இறக்கிய தேதியையும் எழுதி வாங்கினேன். இந்த முறை 9 செட் பழுது; பேச்சில்லாமல் பில்லில் கழித்துக்கொண்டார். அப்பாடா!